பெயர் கூறாப் பெயர்கள்

மக்களையும் பொருள்களையும் பெயரிட்டு அழைப்பதற்காகவே மொழி தோன்றிற்று என்று கூறுவாருளர். அது மெய்யே. ஆயினும், பெயரைச் சொல்லாது விடுவதற்கும் மொழியின் துணை வேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். செய்தவன் இன்னானென்று அறியாதபோதும், அறிந்தும் சொல்ல விரும்பாதபோதும், எல்லாரையும் ஒருங்கே குறிக்க வேண்டியபோதும், ஒருவருமே இலர் என்று உரைக்க வேண்டியபோதும், பெயர் நமக்குப் பயன்படுவதில்லை. அவ்விடங்களில் பெயருக்குப் பதிலாக நின்று, பெயரைக் கூறாமலே வாக்கியத்தை நடத்திச் செல்லும் சிறு சொற்கள் சில ஒவ்வொரு மொழியிலும் உள. ஜெர்மன் மொழியில் அத்தகைய சொற்களுள் தலையாயவை நான்கு: மன், யேமண்ட், நீமண்ட், எட்வஸ் என்பன. முதற் பாடங்களிலேயே மாணவர் இவற்றைச் சந்திக்கின்றனர். அகராதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக்கு மேல் பொருள் தேவைப்படுவதில்லை. எனினும், இவை வாக்கியத்தினுள் நடந்துகொள்ளும் முறை அகராதியின் ஒரு வரியில் அடங்குவதன்று. அம்முறையை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஏற்ற உதாரணம் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து நமக்குக் கிடைத்தது. நம்மிடம் ஜெர்மன் பயின்ற மாணவர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு ஜெர்மனி சென்று, அங்கு ஒரு சிறு நகரில் பலர் குடியிருக்கும் இல்லமொன்றில் அறை எடுத்துத் தங்கினார். சென்ற மூன்றாம் வாரத்தில், பொதுச் சமையலறையின் கதவில் வீட்டுக்காரஅம்மையார் ஒரு சீட்டை ஒட்டியிருந்தார். அதில் நான்கே வாக்கியங்கள். முதலாவது, ‘யேமண்ட் ஹட் கெஸ்டர்ன் டஸ் லிஷ்ட் பிரெனன் லஸன்’. நேற்று யாரோ விளக்கை எரியவிட்டுச் சென்றுவிட்டார் என்பது. இரண்டாவது, ‘நீமண்ட் வில் எஸ் கெவேஸன் ஸைன்’. செய்தது தாமே என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது. மூன்றாவது, ‘மன் மக்ட் டஸ் லிஷ்ட் அவுஸ், வென் மன் கேட்’. வெளியே போகும்போது விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது. நான்காவது, ‘ஷ்ட்ரோம் கொஸ்டெட் எட்வஸ்’. மின்சாரம் சும்மா வருவதில்லை என்பது. அவ்வில்லத்தில் புதிதாகக் குடிவந்தவர் நம் மாணவர் ஒருவரே. ஆகலின், அச்சீட்டு தம்மையே குறிக்கின்றது என்று அவர் வருந்தினார். ‘ஐயா, என் பெயர் அதில் இல்லை, ஆயினும் படிப்பவர் அனைவரும் என்னையே பார்க்கின்றனர். இதற்கு நான் எவ்வாறு விடை எழுதுவது?’ என்று நமக்கு எழுதினார். அச்சீட்டையும் பார்த்து எழுதி அனுப்பியிருந்தார். நான்கு சொற்களும் ஒரு சீட்டில் நான்கு வேலைகளைச் செய்து நிற்பதைக் கண்டு நாம் வியந்தோம். அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலில் ‘யேமண்ட்’. இச்சொல் ஓர் ஆளைக் குறிக்கின்றது. அவ்வாள் யாரென்பதை மட்டும் திறந்து காட்டுவதில்லை. விளக்கை எரியவிட்டவர் ஒருவர் உண்டு என்பதில் அம்மையாருக்கு ஐயமில்லை. அவர் பெயரே மறைந்து நிற்கின்றது. தமிழில் ‘யாரோ எரியவிட்டார்கள்’ என்று பன்மை வினையும் கொடுத்துப் பேசுவோம். ஜெர்மனிலோ யேமண்ட் எப்பொழுதும் ஒருமை. வினையும் படர்க்கை ஒருமையாகவே நிற்கும். செய்தவர் பலராயிருக்கலாம் என்று நாம் உள்ளத்தில் எண்ணினும் வினை மாறாது.

தமிழர்க்கு இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. நம் மொழி ‘யாரோ’ என்பதையும் ‘யாராவது’ என்பதையும் வேறுபடுத்துகின்றது. யாரோ வந்தார் என்றால், வந்தவர் ஒருவர் உண்மையில் உளர். அவரை நாம் அறியோம். யாராவது வரட்டும் என்றால், அப்படி ஒருவர் இன்னும் இலர். எவராயினும் ஆகுக என்பதே கருத்து. ஓகாரமும் ஆவது என்பதும் செய்யும் இவ்வேறுபாட்டை ஜெர்மன் மொழி கட்டாயமாக்கவில்லை. யேமண்ட் என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். ‘ஜெர்மன் தெரிந்த ஒருவரைத் தேடுகின்றேன்’ என்று யேமண்ட் கொண்டு ஒரு ஜெர்மானியர் கூறினால், அவர் தேடுவது முன்னரே கண்டுவைத்த ஒருவரையா, எவராயினும் ஒருவரையா என்பது வாக்கியத்தினின்றும் விளங்காது. இடம் நோக்கியே அறிதல் வேண்டும். எவராயினும் ஆகுக என்பதை அழுத்திக் கூற விரும்பினால், முன்னே ‘இர்கெண்ட்’ என்பதைச் சேர்த்து ‘இர்கெண்ட்யேமண்ட்’ என்பர். இது நம் ‘யாராவது’ என்பதற்கு மிக அணியது. ஆதலின், ‘யாராவது’ என்று எழுதக் கருதும் மாணவர் யேமண்ட் என்று எழுதினும் பிழையாகாது. ஆனால், சீட்டிலுள்ளது போன்ற ‘யாரோ’ ஒருவருக்கு இர்கெண்ட் சேர்ப்பின், ‘எவனோ ஒருவன், எவனென்றால் என்ன’ என்னும் அலட்சியம் சில வேளைகளில் கலந்துவிடும்.

இச்சொல் வேற்றுமை ஏற்கும் முறையும் அறியத்தக்கது. எழுவாயாக நிற்கையில் யேமண்ட். இரண்டாம் வேற்றுமையில் யேமண்டன். நான்காம் வேற்றுமையில் யேமண்டம். ஆறாம் வேற்றுமையில் யேமண்டஸ். இரண்டாவதும் நான்காவதும் உருபின்றி வெறும் யேமண்ட் என்றே நிற்பதும் உண்டு. அதனையும் இலக்கணிகள் ஒப்புக்கொள்வர். நீமண்ட் என்பதற்கும் இதே நடைதான். மேலும், யேமண்ட் என்று ஒருவரைத் தொடங்கிவிட்டால், அடுத்த வாக்கியத்தில் அவரை ‘ஏர்’, அதாவது ‘அவன்’ என்று சுட்டித் தொடரலாம். யாரோ தொலைபேசியில் அழைத்தார். அவர் தம் பெயரைச் சொல்லவில்லை என்று இரண்டு வாக்கியம் எழுதினால், முதலில் யேமண்ட், பின்னர் ஏர். முகம் தெரியாவிடினும் அவர் ஓர் ஆளாக நம் முன் நிற்கின்றார். ஆகவே சுட்டுதல் கூடுகின்றது. இதை மனத்தில் இருத்திக்கொள்க. மன் என்னும் சொல்லுக்கு வரும்போது இது பயன்படும்.

இனி ‘நீமண்ட்’. நம் மாணவர் தாம் எழுத நினைத்த விடையையும் அக்கடிதத்திலேயே குறித்திருந்தார். ‘ஒருவரும் அதைச் செய்யவில்லை’ என்று தமிழில் எண்ணி, ‘ஒருவரும்’ என்பதற்கு நீமண்ட் என்றும், ‘இல்லை’ என்பதற்கு நிஷ்ட் என்றும் வைத்து, ‘நீமண்ட் ஹட் எஸ் நிஷ்ட் கெட்டான்’ என்று அமைத்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் சரியே. ஆயினும், அவ்வாக்கியத்தை ஒரு ஜெர்மன் ஆசிரியர் படித்தால் அவருக்குத் தோன்றும் பொருள் வேறு: அதைச் செய்யாதவர் ஒருவருமிலர், எல்லாருமே செய்தனர்! தம்மீதுள்ள பழியை நீக்க எழுதிய விடை, இல்லத்தார் அனைவர் மீதும், தம்மையும் உள்ளிட்டு, பழியைச் சுமத்துவதாய் முடிந்திருக்கும். நல்லகாலமாக அது கதவில் ஒட்டப்படுவதற்கு முன்னரே நம் கைக்கு வந்தது.

இதன் காரணம் இரு மொழிகளும் எதிர்மறையை வைக்கும் இடத்தில் உள்ளது. தமிழில் ‘ஒருவரும்’ என்பதில் எதிர்மறை இல்லை. அங்குள்ளது முற்றும்மை மாத்திரமே. எதிர்மறை முழுவதும் வினையில், ‘செய்யவில்லை’ என்பதில் இருக்கின்றது. வினையை உடன்பாடாக்கி ‘ஒருவரும் செய்தார்’ என்றால் வாக்கியமே நிற்காது. ஜெர்மனிலோ நீமண்ட் என்ற சொல்லுக்குள்ளேயே எதிர்மறை அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே, வினை உடன்பாட்டு வடிவில் நிற்க வேண்டும். சீட்டின் இரண்டாம் வாக்கியத்தில் நிஷ்ட் இல்லாமையை நோக்குக. பொருள் ‘ஒருவரும் ஒப்பவில்லை’ என்பதாயினும், வினை ‘ஒப்புகின்றார்’ என்பது போன்றே உள்ளது. ஒரு வாக்கியத்திற்கு ஓர் எதிர்மறை என்பது இக்காலத்துச் செந்நெறி ஜெர்மனின் விதி. பழைய ஜெர்மனிலும், பவேரியா முதலிய இடங்களின் பேச்சுவழக்கிலும் இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து ஒரே மறுப்பை வலியுறுத்துவது உண்டு. எனவே, அவ்வூர்க் கடைத்தெருவில் அத்தகைய பேச்சைக் கேட்கும் மாணவர் மருள வேண்டா. ஆயினும் எழுத்தில் அதைப் பின்பற்றலாகாது.

இதனோடு தொடர்புடைய ஓர் ஐயத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். யேமண்ட் என்பதோடு நிஷ்ட் சேர்த்தால் நீமண்ட் ஆகிவிடுமா? ஆகாது. ‘நான் நீமண்டனைக் கண்டேன்’ என்ற அமைப்பில் வரும் ஜெர்மன் வாக்கியத்தின் பொருள், நான் ஒருவரையும் காணவில்லை என்பது. ‘நான் யேமண்டனை நிஷ்ட் கண்டேன்’ என்று அமைத்தாலோ, பலர் இருந்தனர். அவருள் ஒருவர் மட்டும் என் கண்ணில் படவில்லை என்று பொருள்படும். நம் மொழியில் ‘ஒருவரைக் காணவில்லை’ என்பதற்கும் ‘ஒருவரையும் காணவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடே இது. நாம் ஓர் உம்மையால் செய்வதை அவர்கள் வேறு சொல்லால் செய்கின்றனர். அவ்வும்மை உள்ள இடத்தில் நீமண்ட் என்றும், இல்லாத இடத்தில் யேமண்ட் என்றும் எழுதுவதாகக் கொண்டால், எதிர்மறை வாக்கியங்களில் தமிழ் மாணவர் தவறார்.

மூன்றாவதாகிய ‘மன்’ என்பதே இந்நான்கில் விநோதமானது. தமிழில் மன் என்றவுடன் மன்னன் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் உறவில்லை. ஜெர்மனில் ஆடவனைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் செவிக்கு மன் என்றே ஒலிக்கும். அதுவும் இதுவும் ஒரு வேரினின்றே பிறந்தவை. பண்டு அவ்வேர்ச்சொல் மனிதன் என்ற பொதுப்பொருளையே உடையதாயிருந்தது. இன்று எழுத்து இரண்டையும் பிரிக்கின்றது. ஆடவன் என்னும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி இறுதியில் இரட்டை மெய் பெறும்; நம் சொல் சிறிய எழுத்தில் தொடங்கி ஒற்றை மெய்யோடு முடியும். வாக்கியத்தின் முதற்சொல்லாய் வரும்போது இதுவும் பெரிய எழுத்துப் பெறுதலின், அங்கே இறுதி மெய் ஒன்றே அடையாளமாகும். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் பயிற்சியில் குறி பிழைபடும் இடம் இதுவே. ஒரு சோதனை உண்டு: முன்னே ‘அந்த’, ‘ஒரு’ போன்ற அடைச்சொல் வந்தால் அது ஆடவன், மன் என்னும் பிரதிப்பெயர் அடை எதனையும் ஏற்காது.

சீட்டின் மூன்றாம் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘மன் விளக்கை அணைக்கிறான், மன் போகும்போது’ என்றாகும். ‘வேண்டும்’ என்னும் சொல் அதில் இல்லை. ஆயினும் கட்டளையாகவே அது நிற்கின்றது. மக்கள் என்போர் இவ்வாறு செய்வர். செய்யாதவர் மக்கள் வரிசையில் சேரார் என்பது அதன் குறிப்பு. குழந்தையைக் கண்டிக்கும் ஜெர்மானியத் தாயும், ‘நீ செய்யாதே’ என்பதற்குப் பதிலாக, ‘மன் அவ்வாறு செய்வதில்லை’ என்பாள். நம் தாய்மார் ‘அப்படிச் செய்யக் கூடாது’ என்பதற்கு அது நிகர்.

தமிழில் இவ்விடங்களிலெல்லாம் எழுவாய் இல்லை என்பதை நோக்குக. ‘விளக்கை அணைக்க வேண்டும்’, ‘இங்கே உட்காரலாம்’, ‘இதற்கு என்ன செய்வது?’ என்னும் வாக்கியங்களில் அணைப்பவர், உட்காருபவர், செய்பவர் எவர் என்று நாம் சொல்வதுமில்லை. சொல்லாமை குறையாகத் தோன்றுவதுமில்லை. பழைய இலக்கண நூல்கள் ‘என்ப’ என்று முடிக்கையில், சொன்னவர் யாவரென்பது வெளிப்பட நிற்பதில்லை. ஜெர்மன் வாக்கியமோ பெரும்பாலும் எழுவாயின்றி நடவாது. வினைக்கு ஒரு தலைவன் வேண்டும். தலைவனாக நிறுத்த ஒருவரும் கிடைக்காதபோது, அந்த வெற்றிடத்தை மன் நிரப்புகின்றது. எனவே, தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லாமல் ‘வேண்டும்’, ‘லாம்’, ‘என்பர்’, ‘சொல்கிறார்கள்’ என்பன வந்து பொதுமக்களைக் குறிப்பின், அங்கே மன் பொருந்துமா என்று முதலில் நோக்குக, பெரும்பாலும் பொருந்தும்.

வெற்றிடத்தை நிரப்ப வந்ததாகலின், மன் எழுவாயாக அன்றி வேறு வேற்றுமையில் வருவதே இல்லை. அதற்கு உருபேற்ற வடிவம் கிடையாது. இரண்டாம் வேற்றுமை வேண்டின், ஒருவன் என்னும் சொல்லினின்று ‘ஐனன்’ என்பதைக் கடன் வாங்கும். நான்காம் வேற்றுமைக்கு ‘ஐனம்’. இவ்விரைச்சல் ஒருவனை நோயாளியாக்கும் என்பதில் ஐனன் வரும். இது எங்கும் ஒருவனுக்கு நேரக்கூடியதே என்பதில் ஐனம் வரும். தனது என்னும் உடைமைக்கு, அவனது என்பதற்கு வழங்கும் ‘ஸைன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளும்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. யேமண்ட் என்றதைப் பின்னர் ஏர் என்று சுட்டலாம் என்று கண்டோம். மன் என்றதை அவ்வாறு சுட்ட இயலாது. ‘மன் களைத்திருந்தால், மன் உறங்க வேண்டும்’ என்று திரும்பவும் மன் என்றே கூற வேண்டும். இரண்டாம் இடத்தில் ஏர் என்று எழுதினால், களைத்தவர் ஒருவர், உறங்க வேண்டியவன் வேறொருவன் என்றாகிவிடும். ஆங்கிலம் நன்கு பயின்ற மாணவர் ஒரே சொல் இருமுறை வருதல் அழகன்று என்று கருதி அதை மாற்ற விரும்புவர், மாற்றலாகாது. சீட்டிலும் ஒரே வாக்கியத்தில் மன் இருமுறை வந்திருப்பதைக் காண்க. அவ்வாறே யேமண்ட், நீமண்ட் என்பவற்றின் பின் ‘ஜெர்மன் தெரிந்த’ என்பது போன்ற அடைவாக்கியம் தொடரலாம். மன் அதனையும் ஏற்காது. நினைத்துப் பார்ப்பின் இதற்கெல்லாம் காரணம் ஒன்றே. யேமண்ட் இருட்டில் நிற்கும் ஓர் ஆள். அவனைச் சுட்டலாம், அவனுக்கு அடை கொடுக்கலாம். மன் ஆளே அன்று. ஆள் நிற்பதற்குரிய இடம். அவ்விடத்தில் கேட்பவர் எவரும் தம்மை நிறுத்திக்கொள்ளலாம்.

அவ்விடத்தில் பேசுபவரே ஒளிந்து நிற்பதும் உண்டு. ஒருவருடைய பணியைப் புகழ்ந்தால், ‘மன் இயன்றதைச் செய்கிறது’ என்று அடக்கமாக விடை கூறுவர்; அங்கே மன் என்பது நான். அதிகாரிகளின் கடிதங்களில், ‘மன் தங்கள் வேண்டுகோளை ஆராய்ந்தது’ என்றால், அங்கே மன் என்பது அவ்வலுவலகம். கையெழுத்திட்டவர் கண்ணுக்குப் படார். இக்கட்டுரை முழுவதும் ‘நாம்’ என்று எழுதிவரும் நாமும் அவ்வழக்கத்திற்குப் புறம்பானவரல்லர் என்று வாசகர் நகைக்கக் கூடும்; நகைப்பது நியாயமே.

மன் எல்லாரையும் குறிப்பதாயின், பெண்களையும் குறிக்குமன்றோ? குறிக்கும். கருவுற்ற பெண்களுக்கு அறிவுரை கூறும் வாக்கியத்திலும் எழுவாய் மன்னே. உடைமைச் சொல் ‘அவனது’ என்னும் ஸைனே. இலக்கணம் இதில் முரண் காண்பதில்லை. ஆயினும், ஆடவனைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்திருத்தலால், 1970-ஆம் ஆண்டுகள் தொடங்கிப் பெண் எழுத்தாளர் சிலர் மன் இருந்த இடத்தில், பெண் எனப் பொருள்படும் ‘ஃப்ரௌ’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதலாயினர். அகராதிகளும் அவ்வழக்கைக் குறித்துள்ளன. பொதுவழக்கில் அது மன்னை அகற்றிவிடவில்லை. எனினும், பெயர் கூறாச் சொல்லும் எவரையேனும் விட்டுவிடக்கூடும் என்ற எண்ணத்தை அது விதைத்தது.

நான்காவது ‘எட்வஸ்’. இது பொருளுக்குரியது, ஏதோ, ஏதாவது என்பவற்றிற்கு நிகரானது. இதன் எதிர்மறை ‘நிக்ட்ஸ்’. நீமண்டைப் போலவே எதிர்மறையைத் தன்னுள் அடக்கியது. ஆதலின் அதனோடும் நிஷ்ட் சேராது. எட்வஸ் எவ்வேற்றுமையிலும் உருமாறுவதில்லை. ஆனால், அதன்பின் ஒரு பண்புச்சொல் வருமாயின், மாற்றம் முழுவதும் அப்பண்புச்சொல்லின் மேல் விழும். புதிய ஏதோ ஒன்று என்பதற்கு ‘எட்வஸ் நொயஸ்’ என்பர். நொயஸ் என்பது அஃறிணை ஒருமையின் ஈற்றைப் பெற்றுப் பெயராகி, பெரிய எழுத்தாலும் எழுதப்படும். புதிய ஒன்றைப் பற்றி என்று நான்காம் வேற்றுமை வேண்டும் இடத்தில், எட்வஸ் அசையாது நிற்க, நொயஸ் என்பது ‘நொயம்’ என்றாகும். நிக்ட்ஸ் என்பதற்கும் இவ்விதியே.

எட்வஸ் அளவையும் குறிக்கும். உப்பு என்னும் பெயர்க்கு முன் நின்றால் சிறிது உப்பு. குளிர்ந்த என்னும் பண்புக்கு முன் நின்றால் சற்றே குளிர்ந்த. ஏதோ என்பதும் சிறிது என்பதும் நமக்கு இரண்டு சொற்கள், அவர்களுக்கு ஒன்று. இதை அறிந்தாலன்றிச் சீட்டின் நான்காம் வாக்கியத்தின் சுவை விளங்காது. மின்சாரத்தின் விலை ‘ஏதோ’ என்றோ, ‘சிறிதே’ என்றோ அம்மையார் கூறவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு எதிராக ‘ஒன்றுண்டு’ என்று நிறுத்துகின்றார். விலை உண்டு என்பதே கருத்து. பேச்சில் எட்வஸ் சுருங்கி ‘வஸ்’ என்றாகும். என்ன என்னும் வினாச்சொல்லும் வஸ் தான். இரண்டும் எவ்வாறு பிரிக்கப்படும் எனின், வினா வாக்கியத்தின் முதலில் நிற்கும். சுருங்கிய எட்வஸ் முதலிடத்திற்கு வாராது, வினைக்குப் பின்னரே ஒதுங்கி நிற்கும்.

இவ்வளவும் கூறியபின், முன்னர்ச் சொல்லாது வைத்த ஓர் உறவையும் வெளிப்படுத்துவோம். யேமண்ட், நீமண்ட் என்னும் இரண்டின் வயிற்றிலும் மன் என்னும் சொல்லே இருக்கின்றது. எக்காலத்தும் என்று பொருள்படும் பழைய ‘யே’ மன்னோடு சேர்ந்து யேமன் என நின்று, பிற்காலத்தில் இறுதியில் ஓர் ஒலி வளரப்பெற்று யேமண்ட் ஆயிற்று. ஒருக்காலும் இல்லை என்னும் ‘நீ’ சேர்ந்து நீமண்ட் பிறந்தது. ஆகவே, எல்லாரும், யாரோ ஒருவர், ஒருவருமிலர் ஆகிய மூன்றும் மனிதன் என்னும் ஒரு வேரின் கிளைகள். எட்வஸ் மட்டும், என்ன என்னும் வஸ்ஸினின்று தோன்றிய வேறு குடி.

இச்சொற்களின் ஆற்றலை அந்நாட்டு அறிஞர் நன்கறிந்திருந்தனர். ஃப்ரான்ஸ் காஃப்கா 1924-இல் இறந்தபின், 1925-இல் வெளிவந்த ‘விசாரணை’ என்னும் அவருடைய நாவலின் முதற்சொல் யேமண்ட் என்பதே. கதாநாயகன் மீது பொய்ப்பழி கூறியிருக்கக்கூடிய ஒருவரை அச்சொல் குறிக்கின்றது. நாவல் முடியும்வரை அவர் யாரென்று தெரிவதில்லை. பெயரோடு வரும் பகைவனை எதிர்க்கலாம். யேமண்டை எங்ஙனம் எதிர்ப்பது? மார்ட்டின் ஹைடெகர் என்னும் தத்துவஞானி 1927-இல் வெளியிட்ட நூலில், அடை ஏலாத மன்னுக்கு அடை கொடுத்து, பெரிய எழுத்தில் பெயர்ச்சொல்லாக்கி, ‘டஸ் மன்’ என்று வழங்கினார். மன் படிப்பதை நாமும் படித்து, மன் வெறுப்பதை நாமும் வெறுத்து வாழும்போது, எல்லாரும் இருக்கின்றோம், பொறுப்பேற்பவர் எவருமிலர் என்பதை அப்பெயரால் ஆராய்ந்தார். இலக்கண விதியை அவர் அறிந்தே மீறினார் என்பது மேற்கூறியவற்றால் விளங்கும்.

நம் மாணவருக்கு நாம் எழுதியது சுருக்கமானதே. நீமண்ட் என்று தொடங்கி எல்லாருக்கும் உறுதிகூற அவரால் இயலாது. பிறர் செய்ததை அவர் எங்ஙனம் அறிவார்? யேமண்ட் என்னும் குற்றச்சாட்டுக்கு ஏற்ற விடை, பெயர் கூறாச் சொற்களை விட்டுத் தன்மை இடத்தில் பேசுவதே. ‘இஷ் வார் எஸ் நிஷ்ட்’, அதாவது ‘அது நான் அல்லேன்’ என்று நேரில் சென்று சொல்லுமாறு எழுதினோம். அவர் அவ்வாறே சொன்னார். அம்மையார் தலையசைத்து, ‘யேமண்ட் என்றுதானே எழுதினேன்’ என்றாராம். விளக்கை எரியவிட்டவர் யாரென்பது இறுதிவரை தெரியவில்லை.

பெயர் கூறாச் சொற்கள் பழியை மறைப்பதற்கும் பொறுப்பைத் துறப்பதற்கும் மட்டுமே உரியன என்று வாசகர் கருதிவிட வேண்டா. 1949-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வெளியிடப்பட்ட ஜெர்மானிய அரசியற் சட்டத்தின் மூன்றாம் பிரிவில், தம் பால், பிறப்பு, இனம், மொழி, சமயம் முதலியவற்றால் ஒருவரும் தாழ்த்தப்படவோ உயர்த்தப்படவோ கூடாது என்று விதிக்கும் வாக்கியம் நீமண்ட் என்ற சொல்லாலேயே தொடங்குகின்றது. மனச்சான்றுக்கு மாறாகப் படைக்கலம் ஏந்துமாறு ஒருவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் நான்காம் பிரிவின் விதியும் அவ்வாறே. இரண்டு விதிகளும் ஒருமை எழுவாயும் உடன்பாட்டு வினையும் கொண்டவை. மறுப்பு முழுவதும் முதற்சொல்லில் அடங்கியிருக்கின்றது. அவற்றில் எவர் பெயரேனும் எழுதப்பட்டிருந்தால், எழுதப்படாதவர் வெளியே நிற்க நேரும். ஒரு பெயரையும் கூறாமையினாலேயே அச்சொல் அனைவருக்கும் காவலாகின்றது.